"அந்தக் காப்பி யார்கிட்ட இருக்கு?": ஷிப்ட் தொடக்கம் முதல் வெளியீடு வரை செய்திகளைத் தொலைக்காமல் நடத்தும் முறை

செய்தி அலுவலகத்தில் மாலை ஷிப்டின் டெஸ்க் பொறுப்பு பார்த்த யாரும் இந்தக் காட்சியைக் கடந்துதான் வந்திருப்பார்கள். நியூஸ் எடிட்டர் வந்து ஒரு செய்தியைக் கேட்கிறார். நிருபர் நாலு மணிக்கே அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார். முதல் சப் எடிட்டர், பக்கத்தில் இருப்பவர் அதை எடுத்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார். பக்கத்தில் இருப்பவரும் அப்படியே நினைத்திருக்கிறார். மணி எட்டு. காப்பி, அதாவது நிருபர் எழுதி அனுப்பிய செய்தி, யாரும் திறக்காமல் அப்படியே கிடக்கிறது.

இத்தனை ஆண்டுகளில் நான் கவனித்தது ஒன்று. ஒருவர் கையில் இருக்கும்போது செய்தி தொலைவதில்லை. மெதுவாகப் போகலாம், தப்பாகக்கூடப் போகலாம், ஆனால் தொலையாது. ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகும் அந்த இடைவெளியில்தான் தொலைகிறது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கைமாறும் இடங்களைப் பற்றியதுதான். எடிட்டிங் எப்படிச் செய்வது, தலைப்பு எப்படி வைப்பது என்பதெல்லாம் இதில் வராது.

புரிவதற்காக ஒரு ஷிப்டை எடுத்துக்கொள்வோம். பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை. நான்கு நிருபர்கள், மூன்று சப் எடிட்டர்கள், எல்லாவற்றையும் கடைசியாக ஒருமுறை படிக்கும் ஒரு சீஃப் சப். இணையதளம் நாள் முழுக்க ஓடுகிறது, அச்சுப் பக்கம் 9.30க்கு மூடுகிறது. டெஸ்க் பொறுப்பு உங்களுடையது.

ஒதுக்குவதற்கு முன் 20 நிமிடம்

1.40க்கு வந்துவிடுங்கள். முதலில் உங்கள் சொந்த இணையதளத்தைத் திறந்து, காலையிலிருந்து என்னென்ன போயிருக்கிறது என்று படியுங்கள். பலர் அன்றைய நிகழ்ச்சிகளைக் குறித்து வைத்த டயரியிலிருந்து தொடங்குவார்கள். ஆனால் காலை ஷிப்ட் ஏற்கெனவே போட்டுவிட்ட செய்தியை மறுபடியும் ஒருவருக்கு ஒதுக்கி, அவருடைய இரண்டு மணி நேரத்தை வீணாக்குவது டயரியிலிருந்து தொடங்குபவர்களுக்குத்தான் நடக்கும்.

அடுத்து காலை ஷிப்ட் விட்டுப்போன குறிப்பு, அதன் பிறகு டயரி. கடைசியாக, கிளம்பப்போகும் காலைப் பொறுப்பாளரோடு ஐந்து நிமிடம். அவரிடம் "என்ன நிலவரம்?" என்று பொதுவாகக் கேட்டால், செய்திகளின் நிலவரத்தை எல்லோரும் குறித்து வைக்கும் ஷீட்டில் இருப்பதையே திரும்பச் சொல்வார். "ஷீட்டில் எழுதாதது என்ன இருக்கு?" என்று கேளுங்கள். நிறுவனம் ஒன்று மறுப்பு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறது, ஒரு நிருபர் காய்ச்சலோடு வேலை பார்க்கிறார், ஒரு படத்துக்கு இன்னும் அனுமதி வரவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். வந்தவுடனே ஷீட்டில் எழுதிவிடுங்கள்.

ஷீட்டில் என்ன இருக்க வேண்டும்

பெரிய மென்பொருள் இருந்தால் நல்லது, இல்லையென்றால் எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு கூகுள் ஷீட் போதும். ஆறு பத்திகளுக்கு மேல் வேண்டாம். அதிகமாக வைத்தால் பரபரப்பான நேரத்தில் யாரும் நிரப்ப மாட்டார்கள், பாதி நிரம்பிய ஷீட்டை யாரும் நம்பவும் மாட்டார்கள்.

முதல் பத்தி ஸ்லக், அதாவது செய்தியின் அடையாளப் பெயர். இரண்டாவது, ஒரு வரி விவரம். மூன்றாவது, இப்போது யார் கையில். நான்காவது நிலை, ஐந்தாவது அடுத்த நேரம், ஆறாவது குறிப்பு.

ஸ்லக் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ஈயத்தில் எழுத்துக் கோத்த காலத்தில், வார்த்த உலோகத் துண்டுக்கு இருந்த பெயர் அது. இன்று அதன் பயன்: காப்பி, படம், படவிளக்கம், பக்கம் என எல்லாவற்றையும் ஒரே பெயரில் கட்டி வைப்பது. `kidangu-thee` என்று ஒதுக்கும்போது வைத்தால் கடைசி வரை அதே பெயர்தான். தலைப்பு பத்து முறை மாறலாம். ஸ்லக் மாறினால் புகைப்படக்காரர் பழைய பெயரில் அனுப்பிய படத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாது. `fire`, `council`, `new` போன்ற பொதுப் பெயர்களும் ஆகாது. அடுத்த வாரம் இன்னொரு தீ வரும்.

ஐந்தாவது பத்தியைத்தான் நான் மிகவும் நம்புகிறேன். அது டெட்லைன் அல்ல. இந்த வரிசையில் அடுத்து ஏதாவது ஒன்று எப்போது நடந்தாக வேண்டும் என்பது. நிருபர் அனுப்ப வேண்டிய நேரம், வந்ததும் எடிட்டிங் முடிய வேண்டிய நேரம், நிறுத்தி வைத்திருந்தால் மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டிய நேரம். கைமாறும் ஒவ்வொரு முறையும் இது புதிதாக எழுதப்படும்.

அந்த நேரம் கடந்தால் வரிசை தானாகவே சிவப்பாகும்படி செய்துகொள்ளலாம். கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் இந்த விதியைப் போடுங்கள்:

```
=AND($A2<>"", $D2<>"வெளியானது", $D2<>"கைவிட்டது", NOW()>$E2)
```

இதில் கவனிக்க இரண்டு விஷயங்கள். ஐந்தாவது பத்தியில் தேதியும் நேரமும் சேர்ந்து இருக்க வேண்டும். வெறும் நேரம் மட்டும் போட்டால் அந்த வரிசை எப்போதும் சிவப்பாகவே இருக்கும். நேரமே போடாமல் விட்டாலும் சிவப்பாகும், அது நமக்கு வேண்டியதுதான். இரண்டாவது, கூகுள் ஷீட் வழக்கமாக யாராவது ஏதாவது மாற்றினால்தான் `NOW()`-ஐப் புதிதாகக் கணக்கிடும். அமைப்புகளில் கணக்கீட்டுப் பகுதிக்குப் போய், ஒவ்வொரு நிமிடமும் கணக்கிடும்படி மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால், எல்லோரும் ஷீட்டை மறந்திருக்கும் நேரத்தில், அதாவது எச்சரிக்கை தேவைப்படும் அதே நேரத்தில், அது சும்மா இருக்கும்.

ஒதுக்கும்போது சொல்ல வேண்டியவை

"நகராட்சிக் கூட்டம் பாருங்க" என்று சொன்னால் நிருபர் கூட்டத்தைப் பார்ப்பார். வரும் காப்பியில் யார் யார் கலந்துகொண்டார்கள் என்பது இருக்கும், உங்களுக்கு வேண்டியது இருக்காது. ஒதுக்குவது என்றால் ஒரு கேள்வியைக் கொடுப்பது. "தண்ணீர்க் கட்டணம் எவ்வளவு ஏறுது, எந்தத் தேதியிலிருந்து, யார் எதிர்த்து வாக்களிச்சாங்க. 350 சொல். 5.15க்கு வேணும்."

அதோடு இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: அது நடக்காவிட்டால் என்ன?

"தீர்மானத்தைத் தள்ளி வெச்சுட்டா என்ன பண்றது சார்?"

"தள்ளி வெச்சதே செய்திதான். ஏன், எந்தத் தேதிக்குன்னு 120 சொல்லில் கொடுங்க. ஆனா 4.30க்கே எனக்குப் போன் பண்ணிடுங்க."

அந்த 4.30தான் ஐந்தாவது பத்தியில் ஏற வேண்டிய நேரம், 5.15 அல்ல. காப்பி வர வேண்டிய நேரத்தில் வரவில்லை என்று தெரிந்துகொள்வதால் பயனில்லை. வராது என்று முன்பே தெரிந்தால்தான் அந்த இடத்துக்கு வேறு செய்தி தேட முடியும்.

ஒதுக்கியதை நீங்கள் பொதுவாக அறிவித்துவிட்டால் போதாது. "சரி, எனக்குத்தான்" என்று நிருபர் ஏற்றுக்கொண்ட பிறகே அவர் பெயர் மூன்றாவது பத்தியில் ஏறும். அதுவரை அங்கே உங்கள் பெயர்தான். வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்திக்கு இரண்டு கட்டைவிரல்கள் வந்திருப்பது ஏற்றுக்கொண்டதாக ஆகாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் ஏழு மணிக்கு வந்து நிற்காமல் இருக்க

இது கணக்கு. தலைப்பு, படவிளக்கம் உட்பட ஒரு நடுத்தரக் காப்பியை ஒழுங்காக எடிட் செய்ய எங்கள் டெஸ்க்கில் அரை மணி நேரம் ஆகும். உங்கள் டெஸ்க்கில் எவ்வளவு என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். மூன்று சப் எடிட்டர்கள் மாலை 6 முதல் 9 வரை உட்கார்ந்தால் 18 காப்பி என்று வரும். அதை நம்ப வேண்டாம். திடீர்ச் செய்திக்கும் நிருபரை அழைத்துச் சந்தேகம் கேட்பதற்கும் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். உண்மையில் 12தான்.

ஆனால் சிக்கல் மொத்த எண்ணிக்கையால் வருவதில்லை. நான்கு நிருபர்களும் "ஏழு மணிக்குள்ள அனுப்பிடறேன்" என்பார்கள். ஏழு மணிக்கு எட்டு காப்பி ஒன்றாக விழும். ஒரு நேரத்தில் மூன்றைத்தான் எடுக்க முடியும். எட்டாவது காப்பியை ஒருவர் திறக்கும்போது மணி எட்டாகிவிடும். சீஃப் சப் ஒருவர்தான் என்பதால் அவர் மேசையில் இன்னொரு வரிசை நிற்கும். 9.10க்கு அவர் படிக்கும் காப்பியில் ஒரு பெயர் சந்தேகமாக இருந்தால், அப்போது நிருபர் பேருந்தில் இருப்பார்.

அதனால் நேரத்தை நீங்களே பரப்பிக் கொடுங்கள். மதியமே முடிந்துவிடும் நிகழ்ச்சிக்கு 4 மணி. டயரியில் இல்லாத, நிருபர் தானே கிளப்பிய நீண்ட செய்திக்கு 5. கூட்டங்களுக்கு அவை முடிந்து 45 நிமிடம். ஏழு மணிக்கு மேல் வருவதற்கு உரிமை உள்ளவை ஏழு மணிக்கு மேல் நடப்பவை மட்டும். மூத்த நிருபர்கள் முணுமுணுப்பார்கள். ஐந்து மணிக்குக் கொடுத்த காப்பி நிதானமாக எடிட் ஆகி நல்ல இடத்தில் வருவதை இரண்டு வாரம் பார்த்தால் அவர்களே மாறிவிடுவார்கள்.

கைமாறும் விதி

நிலை என்ற பத்திக்கு எட்டுச் சொற்கள் போதும்: ஒதுக்கியது, வந்தது, எடிட்டிங், இரண்டாம் படிப்பு, தயார், வெளியானது. இவை தவிர நிறுத்தி வைத்தது, கைவிட்டது. தேர்ந்தெடுக்கும் பட்டியலாக அமைத்துவிடுங்கள். தட்டச்சு செய்ய விட்டால் "எடிட்", "எடிட்டிங்ல", "பார்க்கிறேன்" என்று ஆளுக்கொன்றாக வரும், வடிகட்டிப் பார்க்க முடியாது.

விதி இதுதான். வாங்குபவர்தான் தன் பெயரைப் போட வேண்டும். கொடுப்பவர் இன்னொருவர் பெயரைப் போட்டுவிட்டுக் கை கழுவ முடியாது. நிருபர் காப்பியை அனுப்பினாலும், ஒரு சப் எடிட்டர் எடுத்துத் தன் பெயரை எழுதும் வரை அது நிருபருடையதுதான். சப் முடித்து நிலையை "இரண்டாம் படிப்பு" என்று மாற்றினாலும், சீஃப் சப் பெயர் ஏறும் வரை சப் பொறுப்பு. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் தொடக்கத்தில் சொன்ன எட்டு மணிக் காட்சி இந்த விதி உள்ள டெஸ்க்கில் நடக்க வாய்ப்பே குறைவு. வரிசை சிவப்பானால் அதில் உள்ள ஒரே பெயருக்கு ஒரு போன். அவ்வளவுதான்.

ஒரே பெயர் என்பதும் முக்கியம். இரண்டு பெயர் போட்ட வரிசை பெயரே இல்லாத வரிசை மாதிரிதான். இருவரும் ஒரே காப்பியைத் திறந்து, பின்னால் சேமித்தவரின் திருத்தம் முன்னவரின் திருத்தத்தை அழித்துவிடும் ஆபத்தும் உண்டு. நீங்கள் எழுதும் தளம் பூட்டு வசதி தந்தாலும், அதை உடைத்துத் திறக்கும் வழியும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும்.

ஒரு தீ விபத்து, ஏழு வரிசை

மாலை 4.10. கிடங்கு ஒன்றில் தீ என்று தகவல். ஒரு நிருபரை அனுப்புகிறீர்கள். `kidangu-thee-1` என்று வரிசை: முதல் தகவல், 80 சொல், அடுத்த நேரம் 4.30. தீயணைப்பு நிலையம் உறுதி செய்ததும் 4.27க்கு வெளியாகிறது. வரிசை முடிந்தது.

இங்கேதான் பலர் அதே வரிசையை மறுபடியும் "எடிட்டிங்" என்று மாற்றுவார்கள். வேண்டாம். அப்புறம் எது போயிருக்கிறது, எது போகவில்லை என்று யாருக்கும் தெரியாது. புதிய நிலவரம் என்றால் புதிய வரிசை: `kidangu-thee-2`. செய்தி நிறுவனங்களில் ராய்ட்டர்ஸ் தன் புதுப்பிப்புகளுக்கு `UPDATE 1`, `UPDATE 2` என்று எண் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். வாங்குபவர் கையில் இருப்பது எத்தனையாவது வடிவம் என்று உடனே தெரியும். படத்துக்கு ஒரு வரிசை, மொபைல் அறிவிப்புக்கு ஒரு வரிசை, அச்சுக் காப்பிக்கு ஒரு வரிசை. இரவுக்குள் ஏழு வரிசை ஆகிவிடும். அது அதிகம் இல்லை. அவை ஏழு வேறு வேலைகள், ஏழு வேறு கைகள்.

5.50க்குச் சிக்கல் வருகிறது. தீயணைப்பு அதிகாரி காயமடைந்தவர்கள் 3 பேர் என்கிறார். மருத்துவமனை 5 பேர் என்கிறது. இணையக் காப்பியைப் பார்க்கும் சப் 5 என்று மாற்றுகிறார். அச்சுக் காப்பி 3 என்றே போய்க்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே பெயரில் வெளிவரப்போகின்றன.

இதற்கு `kidangu-thee-1` வரிசையின் குறிப்பில் ஒரே ஒரு எண் வரியை வைத்திருங்கள்: "காயம் 5, மருத்துவமனை, 5.50". எண்ணோடு யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதும் சேர்ந்திருக்க வேண்டும். அதை மாற்றும் உரிமை டெஸ்க் பொறுப்பாளருக்கு மட்டும். எந்தக் காப்பியைப் பார்க்கும் சப்பும் எண்ணை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும், தொலைக்காட்சியிலிருந்தோ குழுவிலிருந்தோ அல்ல. 3 என்று சொன்ன அதிகாரி பொய் சொல்லவில்லை. அவர் கண்முன் ஆம்புலன்ஸில் ஏறியவர்களைச் சொன்னார், மற்ற இருவர் தாங்களாகவே மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். நேரத்தையும் ஆளையும் எழுதி வைத்தால் இந்த வேறுபாடு புரியும், காப்பியிலும் ஒரு வரியில் சொல்லலாம்.

8.15க்கு எண் 6 ஆகிறது. இப்போது மாற்ற வேண்டிய இடங்கள்: இணையத் தலைப்பு, இணையக் காப்பியின் முதல் பாரா, அச்சுத் தலைப்பு, அச்சுக் காப்பி, படவிளக்கம். ஐந்தையும் எண்ணிச் சரிபாருங்கள். பெரும்பாலும் மறந்துபோவது படவிளக்கம்தான். அதை எழுதியவர் அன்று மாலையே வேறு வேலைக்குப் போயிருப்பார். போய்விட்ட மொபைல் அறிவிப்பைத் திரும்பப் பெற முடியாது என்பதால், முதல் ஒரு மணி நேரத்தில் அறிவிப்பில் எண்ணே போடாமல் இருப்பது என் வழக்கம்.

நிறுத்தி வைப்பதும் கைவிடுவதும்

இவை இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. செய்திப் பரிமாற்றத்துக்கு ஐ.பி.டி.சி. என்ற சர்வதேசச் செய்தித் துறை அமைப்பு வகுத்த தரத்தில் வெளியீட்டு நிலைக்கு `usable`, `withheld`, `canceled` என்ற மூன்றே சொற்கள் இருக்கின்றன. பயன்படுத்தலாம், இப்போது வேண்டாம், ஒருபோதும் வேண்டாம். உலகெங்கும் செய்தி பரிமாறுபவர்களுக்கு இந்த மூன்று போதுமென்றால், நடுவில் "பார்த்துக்கலாம்" என்று ஒரு நிலை நமக்கும் தேவையில்லை.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், ஒரு காப்பியை வழக்கறிஞர் பார்க்கும் வரை போட வேண்டாம் என்று நான்தான் நிறுத்தினேன். குழுவில் எழுதினேன், எல்லோரும் பார்த்தார்கள். ஷீட்டில் நிலை "தயார்" என்றே இருந்தது. பத்து மணிக்கு வந்த இரவு ஷிப்ட் அந்தக் குழுவில் இருநூறு செய்திகளுக்கு மேலே போய்ப் படிக்கவில்லை, படிக்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. "தயார்" என்று இருந்ததைப் போட்டுவிட்டார்கள். காலையில் நீக்கினோம், விளக்கம் கொடுத்தோம். தவறு என்னுடையது. முடிவை எடுத்த இடம் ஒன்று, எழுதிய இடம் வேறு.

அன்றிலிருந்து நிறுத்தி வைக்கும் வரிசையில் மூன்று விஷயங்களைக் கட்டாயமாக எழுதுகிறேன்: யார் நிறுத்தினார், எதற்காகக் காத்திருக்கிறோம், எந்த நேரத்தில் மறுபடியும் பார்ப்போம். இன்ன நேரம் வரை வெளியிடக் கூடாது என்ற எம்பார்கோவோடு வரும் காப்பிக்கும் இதுவே பொருந்தும். கூடவே ஸ்லக்கின் கடைசியில் `-HOLD` என்றும் சேர்த்துவிடுவேன். ஸ்லக் மாறக் கூடாது என்ற விதிக்கு நான் அனுமதிக்கும் ஒரே விலக்கு இது. ஷீட்டைப் பார்க்காமல் நேராகக் காப்பியைத் திறப்பவர் கண்ணிலும் அது பட வேண்டும்.

"வெளியானது" என்று எப்போது எழுதலாம்

பொத்தானை அழுத்தியவுடன் அல்ல. லாகின் செய்யாத ஒரு மொபைலில் பக்கத்தைத் திறந்து, தலைப்பும் படமும் எண்ணும் கண்ணில் பட்ட பிறகு. ஆசிரியர் கணக்கில் இருக்கும்போது தெரியும் புதிய வடிவம், வாசகருக்குச் சில நிமிடங்கள் பழைய வடிவமாகவே தெரியலாம். அச்சில், எடிட் செய்த காப்பியை அல்ல, பக்கத்தின் பி.டி.எஃப்.பில் அந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகு. பக்கத்தில் இடம் போதாமல் கடைசிப் பத்தி வெட்டப்பட்டு, மறுப்புத் தெரிவித்தவரின் பதில் அதோடு போய்விட்ட காப்பிகள் உண்டு.

நேரம் குறித்து வைத்த செய்திகளை "தயார்" என்றே விட்டு, குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் பின்னால் ஐந்தாவது பத்தியில் போடுங்கள். காலை, மாலை மாறிப்போய் பன்னிரண்டு மணி நேரம் தள்ளிப்போன செய்தி அப்போது சிவப்பாகி உங்களைக் கூப்பிடும். வெளியான பிறகு வரும் திருத்தமும் ஒரு புதிய வரிசைதான், அதற்கும் ஒரு பெயர் வேண்டும்.

9.40: ஒப்படைப்பு

பக்கம் மூடிய பிறகு, ஷீட்டை வடிகட்டி "வெளியானது", "கைவிட்டது" இரண்டையும் மறையுங்கள். மிச்சம் இருப்பதுதான் ஒப்படைப்புக் குறிப்பு, தனியாக எழுத வேண்டியதில்லை. நம் எடுத்துக்காட்டில் மூன்று வரிசைகள் மிஞ்சுகின்றன. தண்ணீர்க் கட்டணம் பற்றிய எதிர்வினை, காலை 9 மணிக்கு. வழக்கறிஞரிடம் இருக்கும் ஒரு காப்பி, நாளை 11 மணிக்கு. `kidangu-thee-8`, காலை 7 மணிக்கு மருத்துவமனையை அழைத்து ஆறு பேரின் நிலையைக் கேட்க வேண்டும்.

இரவுப் பொறுப்பாளர் வந்து உட்கார்ந்ததும் மூன்றையும் வாயால் ஒருமுறை சொல்லுங்கள். அவர் "ஷீட்டில் எழுதாதது என்ன இருக்கு?" என்று கேட்பார், பதில் சொல்லுங்கள். பிறகு அவர் தன் பெயரை மூன்று வரிசையிலும் தட்டச்சு செய்யும் வரை நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டாம்.